எஸ்டிமேட்டில விடுபட்ட 391 கிலோ கம்பியும் நான் எழுதின ஈமெயிலும்

நான் கொழும்பில பத்து வருஷத்துக்கு மேல சின்ன வீட்டு வேலைகள் எடுத்துச் செய்யிற கொன்ராக்டர். பெரிய ஒஃபிஸ் எல்லாம் இல்லை, அளவுக் கணக்குப் பாக்கிற கியூஎஸ் எண்டு தனிய ஒரு ஆளும் இல்லை, எஸ்டிமேட் போடுறதும் நான்தான், கம்பி வாங்கப் போறதும் நான்தான். போன வருஷம் ஒக்டோபரில தெஹிவளையில நடந்த ஒரு வேலையில ரிவைஸ்ட் எஸ்டிமேட்டில கம்பிக் கணக்கைப் பிழையா போட்டு, அதைத் திருத்தி வீட்டுக்காரருக்கு ஈமெயில் எழுத வேண்டி வந்தது. அந்த ஈமெயிலை எப்பிடி எழுதிறது எண்டு தெரியாமல் நாலு நாள் தவிச்சன், முதலாவதை எழுதிக் கெடுத்தன், ரெண்டாவதைத்தான் ஒழுங்கா எழுதினன். கேக்கிறதுக்கு ஒருத்தரும் இருக்கேல்ல. அதுதான் இதை எழுதிறன்.

வீடு ஒரு ரிட்டயர் ஆன ரீச்சரின்ர. அவ தனிய இருக்கிறா, காசு அனுப்பிறது ரொறன்ரோவில இருக்கிற மகன். பழைய வீட்டுக்கு மேல ஒரு மாடி, அதுக்கு மேல ஒரு ரூஃப் ஸ்லாப், ரெண்டும் ஒரே அளவு, 9 மீற்றர் நீளம், 7.2 மீற்றர் அகலம், 150 எம்எம் தடிப்பு, நடுவில ஒரு பீம். முதல் எஸ்டிமேட் போடேக்க இஞ்சினியரின்ர ட்ரோயிங்கில மெயின் கம்பி 10 எம்எம், 150 எம்எம்முக்கு ஒண்டு. பிறகு மகனுக்கு மேல் மாடியில அறைகளைப் பிரிக்கப் புளொக் சுவர் வேணும் எண்டு யோசினை வந்தது, மேல் தட்டிலயும் தண்ணித் தாங்கியோட ஒரு சின்ன அறை கட்ட வேணும் எண்டார். ஸ்லாப்பின்ர மேல சுவர் ஏறினா பாரம் கூடும்தானே, இஞ்சினியர் கணக்குப் பார்த்து ரெண்டு ஸ்லாபிலயும் மெயின் கம்பியை 12 எம்எம்முக்கு மாத்தி, இடைவெளியை அதே 150இல விட்டு, புது ட்ரோயிங் தந்தார். மாறின இடத்தைச் சுத்தி முகில் மாதிரி ஒரு கோடு போட்டு, உள்ளுக்க `T12-150` எண்டு எழுதியிருந்தவர். நானும் அதைப் பார்த்து ரிவிஷன் 2 எண்டு எஸ்டிமேட்டைத் திரும்பப் போட்டு அனுப்பினன். சுவர், பூச்சு, டைல்ஸ் எல்லாம் சேர்ந்து முதல் தொகையைவிட 640,000 ரூபா கூடினது. மகன் ஓம் எண்டார். வேலை துவங்கியாச்சு.

பிழை தெரிஞ்சது பழைய சோனகத் தெருவில, கம்பிக் கடையில. ரெண்டு ஸ்லாபுக்கும் ஒரேயடியா கம்பி எடுத்தா விலையும் கொஞ்சம் குறையும், லொறிக் கூலியும் ஒருக்கால்தான் எண்டு நினைச்சு, எங்கட கம்பி கட்டுற பாஸ் சிமெந்துப் பேக் மட்டையில எழுதித் தந்த லிஸ்டோட போனன். பாஸ் நல்லாக் கெட்டிக்காரன். ஒவ்வொரு வரிசைக்கும் கீழ்க்கம்பி 7.2 மீற்றர், நடு பீமுக்கு மேல போற மேல்க்கம்பி 2.2, ரெண்டு ஓரத்திலயும் 1.2 படி ரெண்டு, எல்லாம் கூட்டினா 11.8 மீற்றர், ஆக 12 மீற்றர் கம்பி ஒண்டில ஒரு வரிசை முழுக்க வெட்டலாம், மிச்சம் ஒரு சாண் அளவுதான் எண்டு கணக்குப் பார்த்து வச்சிருந்தவன். 9 மீற்றரில 150க்கு ஒண்டு எண்டா 61 வரிசை. ரெண்டு ஸ்லாபுக்கும் 122 கம்பி.

கடைக்காரர் லிஸ்டைப் பார்த்திட்டு மிசின் கூட தட்டேல்ல. "12 எம்எம் எண்டா தொன்னுக்கு 94 கம்பி தம்பி, 122 எண்டா ஒண்டே கால் தொன்னுக்கு மேல போகுது, 1,300 கிலோ எண்டு போடவா" எண்டார். நான் ஃபோனில எஸ்டிமேட்டைத் திறந்து அந்த வரியைப் பார்த்தன். 888 கிலோ எண்டு கிடந்தது. முதல்ல பாஸ் கூடப் போட்டிட்டான் எண்டுதான் நினைச்சன். கடை வாசலில நிண்டே திரும்ப எண்ணினன். 61 சரி. நீளம் சரி. அப்பதான் வயித்துக்க என்னவோ செய்தது.

அண்டைக்கு இரவு லப்டொப்பைத் திறந்து அந்த வரியில ஒவ்வொரு கட்டமாத் தட்டித் தட்டிப் பார்த்தன். விபரம் எண்ட கட்டத்தில "12 எம்எம் கம்பி, 150 இடைவெளி" எண்டு நானே மாத்தியிருக்கிறன். மொத்த நீளம் 1,440 மீற்றர், அதுவும் சரி. ஒரு மீற்றரின்ர நிறை எண்ட கட்டத்தில 0.617. அது 10 எம்எம் கம்பியின்ர நிறை. 12 எம்எம்முக்கு 0.888 வர வேணும். முதல் எஸ்டிமேட்டில கையால அடிச்ச நம்பர், ஃபோர்மியூலா இல்லை, விபரத்தை மாத்தின எனக்கு அந்தக் கட்டத்தை மாத்த வேணும் எண்டு தோணவே இல்லை. 1,440ஐ 0.617ஆல பெருக்கினா 888 கிலோ, 0.888ஆல பெருக்கினா 1,279. வித்தியாசம் 391 கிலோ. வெட்டி வளைச்சுக் கட்டுற கூலியோட நான் போட்டிருந்த விலை கிலோ 420 ரூபா. 164,220 ரூபா குறையுது.

இதில ஒரு விசயம் சொல்ல வேணும், ஏனெண்டா நான் அனுப்ப முந்தி ஒரு செக் பண்ணித்தான் அனுப்பினனான். ஸ்லாப்பில ஒரு கன மீற்றர் கொங்கிரீட்டுக்கு எத்தினை கிலோ கம்பி வருகுது எண்டு பிரிச்சுப் பாக்கிறது எல்லாரும் செய்யிற செக். ஒரு ஸ்லாப்பின்ர கொங்கிரீட் 9.72 கன மீற்றர். பிழையான கணக்கில, 888இல பாதியோட அந்த ஒரு ஸ்லாப்பின்ர மற்ற 10 எம்எம் கம்பி 260 கிலோவையும் சேர்த்துப் பிரிச்சா கிட்டத்தட்ட 72 கிலோ வந்தது. சரியான கணக்கில 92 வரும். வீட்டு ஸ்லாப்புக்கு ரெண்டுமே நம்பக்கூடிய நம்பர்தான். ஒரு பூச்சியம் கூடிக் குறைஞ்ச மாதிரிப் பெரிய பிழையை அந்தச் செக் பிடிக்கும், ஒரு சைஸ் மாறின பிழையை அது பிடிக்காது. இதைப் பிடிக்கிறதுக்கு வேற ஒரு கேள்வி கேட்டிருக்க வேணும், ட்ரோயிங்கில கம்பி மாறியிருக்கு, அப்ப கிலோ மாறினதா எண்டு. ரிவிஷன் 1இலயும் 888, ரிவிஷன் 2இலயும் 888. ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வச்சிருந்தா ஒரு நிமிசத்தில தெரிஞ்சிருக்கும். சுவரும் டைல்ஸும் சேர்ந்து மொத்தத் தொகை கூடினதால கம்பியும் கூடியிருக்கும் எண்டு என்ர மனம் நம்பிவிட்டது.

பிறகு நாலு நாள் நான் ஒண்டும் சொல்லேல்ல. அதுதான் நான் செய்ததில ஆகப் பெரிய பிழை. ரீச்சர் ஒவ்வொரு நாளும் பின்னேரம் பிளேன்ரீ ஊத்தித் தருவா, "எல்லாம் சரியாப் போகுதோ தம்பி" எண்டு கேப்பா, நான் ஓம் ரீச்சர் எண்டுவன், பிளேன்ரீ தொண்டையால இறங்காது. எங்கட அக்ரிமென்ட் ஒரு பக்கக் கடிதம்தான். எஸ்டிமேட் தொகைக்கு வேலை முடிக்கிறது, வீட்டுக்காரர் டிசைன் மாத்தினா அதுக்குக் கூடுதல் தொகை, அவ்வளவுதான் எழுதியிருந்தது. அளந்து பார்த்து உள்ள அளவுக்குக் காசு எண்டு எழுதியிருந்தா கம்பி எவ்வளவு போகுதோ அதுக்குரிய காசு தானா வந்திருக்கும், எஸ்டிமேட்டில உள்ள கிலோ ஒரு உத்தேசம் மட்டும்தான். எங்கடை அப்பிடி இல்லை. டிசைன் மாறினது அவையளின்ர விருப்பத்தால, அதுக்குக் கூடுதல் கேக்க எனக்கு உரிமை இருந்தது, ஆனா அந்தக் கூடுதலை நானே 640,000 எண்டு கணக்குப் போட்டுக் குடுத்து அவரும் ஓம் எண்டிட்டார். திரும்பவும் கேக்கிறது என்ர பிழைக்குக் காசு கேக்கிற மாதிரி. இந்த மாதிரித் திருத்தக் கடிதம் எழுதிற ஆக்கள் முதல்ல இந்த ரெண்டில எது தங்கட அக்ரிமென்ட் எண்டு பாருங்கோ, ஈமெயிலில உரிமையாக் கேக்கிறதா, வேண்டுகோளாக் கேக்கிறதா எண்டு அதிலதான் இருக்கு.

அந்த நாலு நாளுக்குள்ள தெரிஞ்ச இன்னொரு கொன்ராக்டரிட்ட சொன்னன். அவர் உடன சொன்னார், "150ஐ 200 ஆக்கு, ஆர் பாக்கப் போறான், கொங்கிரீட் போட்டா மூடுப்படும்" எண்டு. 12 எம்எம்மை 200க்கு ஒண்டு கட்டினா கம்பியில கால்வாசி குறையும். இஞ்சினியர் 12 ஆக்கினதே அந்தச் சுவருக்காக. சுவர் வரப் போகுது, கம்பி மட்டும் குறையப் போகுதா. நான் அதைச் செய்யேல்ல, செய்யவும் மாட்டன், ஆனா அந்த யோசினை ஒரு இரவு முழுக்க என்ர தலைக்குள்ள கிடந்தது எண்டதை மறைக்க விரும்பேல்ல. இப்பிடியான பிழையை வீட்டுக்காரருக்குச் சொல்லப் பயப்பிட்டா, பேப்பரில இருக்கிற பிழை ஸ்லாப்புக்குள்ள போயிடும். அதுதான் உண்மையான ஆபத்து.

அஞ்சாம் நாள் காலமை முதலாவது ஈமெயிலை அனுப்பினன். ஒரே வரி, "திருத்திய எஸ்டிமேட்டை இத்துடன் இணைத்திருக்கிறேன், பார்த்து உறுதி செய்யவும்." அட்டாச்மென்ட் பெயர் பழையதேதான், `Estimate_Rev2_final.xlsx`. இன்னொண்டும் செய்தன், அந்த மாதம் சிமெந்து விலை கொஞ்சம் கூடியிருந்தது, எப்பிடியும் திருத்திறன்தானே எண்டு அதையும் 30,000 ரூபா அளவில கூட்டிவிட்டன். அப்ப எனக்கு அது சாதாரணமாத்தான் பட்டது. ரொறன்ரோவில அப்ப நேரம் எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால, அவர் காலமை எழும்பிப் பார்த்திட்டு எங்கட பின்னேரம் பதில் போட்டார். "அண்ணா, ரெண்டு ஃபைலையும் ஒவ்வொரு வரியா ஒப்பிட்டுப் பார்த்தன். ரெண்டு இடத்தில காசு கூடியிருக்கு, ஒண்டுக்கும் காரணம் எழுதேல்ல, ஃபைலின்ர பெயரும் மாறேல்ல. அம்மா தனிய இருக்கிறா எண்டதால இப்பிடி நடக்குதோ எண்டு யோசிக்க வேண்டி இருக்கு. நான் சொல்லும் வரைக்கும் வேலையை நிப்பாட்டுங்கோ."

அதை வாசிச்சிட்டு சைட்டில மணல் குவியலுக்குப் பக்கத்தில அப்பிடியே குந்திட்டன். அவர் எழுதினதில ஒரு சொல்லும் பிழை இல்லை. அவற்ற இடத்தில நான் இருந்தாலும் அப்பிடித்தான் நினைச்சிருப்பன். ஷட்டரிங் அடிச்சு முடிஞ்சிருந்தது, கம்பி பாஸும் மூண்டு பேரும் வந்து நிண்டவை, ரெடிமிக்ஸுக்கும் நாள் சொல்லியிருந்தன். எல்லாம் நிண்டது.

அண்டைக்கு இரவு இருந்து ரெண்டாவது ஈமெயிலை எழுதினன். மகனுக்கும் ரீச்சருக்கும் ரெண்டு பேருக்கும் சேர்த்து, தமிழிலயே. பெயர் இல்லாமல் அப்பிடியே கீழ தாறன்.

தலைப்பு: திருத்தம் – ரிவிஷன் 2 எஸ்டிமேட்டில் 12 எம்எம் கம்பி 888 கிலோ அல்ல, 1,279 கிலோ

அன்புள்ள தம்பிக்கும் ரீச்சருக்கும்,

காலை அனுப்பிய ஈமெயிலையும் அதில் இருந்த ஃபைலையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதில் காரணம் எழுதாமல் தொகையை மாற்றியது என் பிழை. சிமெந்து விலையில் செய்த மாற்றத்தை எடுத்துவிட்டேன், அதற்குக் கூடுதல் கேட்க மாட்டேன்.

ரிவிஷன் 2 எஸ்டிமேட்டில் ஒரேயொரு வரியில் பிழை இருக்கிறது. ரெண்டு ஸ்லாப்புகளின் மெயின் கம்பி என்ற வரி. புதிய ட்ரோயிங்கில் இஞ்சினியர் 10 எம்எம் கம்பியை 12 எம்எம் ஆக்கியிருக்கிறார். நான் விபரத்தை மாற்றிவிட்டு, ஒரு மீற்றரின் நிறையை மாற்றாமல் விட்டுவிட்டேன். நீளம் 1,440 மீற்றர், அதில் மாற்றம் இல்லை. நிறை 0.617 என்று இருந்தது, 0.888 என்று இருக்க வேண்டும். ஆகவே 888 கிலோ 1,279 கிலோ ஆகிறது. 391 கிலோ குறைவாகக் காட்டியிருக்கிறேன். இது வெட்டிக் கட்டிய அளவு, கடையில் வாங்கும் அளவு துண்டுகள் சேர்த்து சுமார் 1,300 கிலோ வரும், அந்த 21 கிலோ என் பொறுப்பு.

சைட்டில் கம்பி எதுவும் குறைக்கப்படவில்லை, இன்னும் கட்டத் தொடங்கவும் இல்லை. ட்ரோயிங்கில் உள்ளபடி 12 எம்எம், 150 இடைவெளியில்தான் கட்டுவேன். கொங்கிரீட் போட முன் இஞ்சினியர் வந்து பார்ப்பார், அளவுநாடா வைத்துப் படம் எடுத்து அனுப்புவேன்.

எஸ்டிமேட் விலையில் பார்த்தால் வித்தியாசம் 164,220 ரூபா. கணக்குப் பிழை என்னுடையது, ஆகவே முழுத் தொகையையும் கேட்கவில்லை. கூலியையும் என் பங்கையும் விட்டுவிட்டு, கம்பியின் கடை விலை கிலோ 320 ரூபாப்படி 125,120 ரூபாவை மட்டும் தர முடியுமா என்று கேட்கிறேன். கடை பில் தருவேன். வேறு எந்த வரியிலும் எந்த விலையிலும் மாற்றம் இல்லை. பழைய வரியும் புதிய வரியும் பக்கத்தில் பக்கத்தில் உள்ள ஒரு பக்கத்தையும், இஞ்சினியரின் ரெண்டு ட்ரோயிங்குகளையும் இணைத்திருக்கிறேன். புதிய ஃபைலின் பெயர் `Estimate_Rev2A.xlsx`.

இந்தப் பிழை எனக்குத் தெரிந்து அஞ்சு நாளாகிறது. உடனே சொல்லாததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுதான் ஈமெயில். எழுதி முடிக்க ரெண்டு மணித்தியாலம் போனது. கடைசி வரியைப் போடுறதா விடுறதா எண்டுதான் ஆகக் கனநேரம் யோசிச்சனான். போட்டது நல்லது, ஏனெண்டா மகன் ரீச்சருக்கு ஃபோன் எடுத்து, ரீச்சர் பாஸிட்ட கேட்டு, கடைக்குப் போன நாள் எது எண்டு ஏற்கனவே தெரிஞ்சு வச்சிருந்தவர் எண்டு பிறகு சொன்னார்.

இதில நான் விளங்கிக்கொண்டது, கம்பியைத் திருத்திற கடிதத்தில வீட்டுக்காரருக்கு முதல்ல வாற பயம் காசு இல்லை. "அப்ப இவ்வளவு நாளும் என்ர வீட்டில குறைஞ்ச கம்பியா போட்டவங்கள்" எண்டதுதான். எஸ்டிமேட்டில இருக்கிற கிலோ வேற, ட்ரோயிங்கில இருக்கிற கம்பி வேற எண்டு எங்களுக்குத் தெரியும், அவைக்குத் தெரியாது. எஸ்டிமேட்டில குறைஞ்சா வீட்டில குறைஞ்ச மாதிரித்தான் விளங்கும். அதால சைட்டில என்ன நடந்திருக்கு, என்ன நடக்கேல்ல எண்ட பந்தியைக் காசுப் பேச்சுக்கு முதல் போடுங்கோ. மகன் திருப்பிக் கேட்ட முதல் கேள்வியும் காசைப் பற்றி இல்லை, "பீம், தூண் எல்லாத்தின்ர கம்பியும் சரிதானே" எண்டு. அது நான் எழுதியிருக்க வேண்டியது. அந்த வரிகளையும் இருந்து திரும்பப் பார்த்து, அதுகளில சைஸ் மாறேல்ல, கிலோவும் சரி எண்டு அடுத்த நாள் எழுதினன். ஒரு வரியில பிழை எண்டு சொல்லுறவர் மிச்ச வரி எல்லாத்தையும் பார்த்திட்டுத்தான் சொல்லுறார் எண்டு தெரியாட்டி, அந்த ஒரு வரியையும் நம்ப ஏலாது.

வாங்கின கிலோவையும் கட்டின கிலோவையும் கலக்காதேங்கோ எண்டதையும் அனுபவத்தில சொல்லுறன். கடை பில்லில 1,300, எஸ்டிமேட்டில 1,279. விளக்காமல் விட்டிருந்தா பில் போன உடன அடுத்த சந்தேகம் வந்திருக்கும். இந்த வேலையில கம்பி 12 மீற்றரில சரியா வெட்டுப்பட்டதால துண்டு குறைவு, வேற அளவுக்கு ஸ்லாப் வந்தா துண்டு நல்லாக் கூடும், அப்ப அது ஆரின்ர கணக்கில எண்டு முதலே எழுதி வச்சாத்தான் நல்லது.

மகன் நாலு நாளால ஓம் எண்டார். இடையில ரிவிஷன் 2A ஃபைலை இஞ்சினியருக்கும் அனுப்பி, 1,440 மீற்றர் சரிதானா எண்டு கேட்டிருக்கிறார். இஞ்சினியர் சரி எண்டு எழுதினதுக்குப் பிறகுதான் சம்மதம் வந்தது. நான் முதல் நாளே இஞ்சினியரைக் கேட்டு, அவற்ற ஒரு வரியையும் ஈமெயிலோட சேர்த்திருந்தா அந்த நாலு நாளில பாதி மிஞ்சியிருக்கும். மொத்தமா ஆறு நாள் வேலை நிண்டது. ஷட்டரிங் வாடகை நாளைக்கு 3,500படி 21,000, பாஸ் ஆக்கள் நாலு பேருக்கு ரெண்டு நாள் சும்மா நிண்ட கூலி 28,000, நான் விட்டுக்குடுத்த கிலோவுக்கு 100படி 39,100. கூட்டினா 88,100 ரூபா. ஷட்டரிங்கும் கூலியும் கம்பிப் பிழையால போனதில்லை, அந்த நாலு நாள் மௌனத்தாலயும் முதல் ஈமெயிலாலயும் போனது. கடையில நிண்ட அண்டைக்கே ஒழுங்கா எழுதியிருந்தா பாஸ் ஆக்களை வேற சைட்டுக்கு அனுப்பியிருக்கலாம், ஷட்டரிங்கையும் பிந்தி இறக்கியிருக்கலாம்.

அதுக்குப் பிறகு என்ர எக்செலில நிறையைக் கையால அடிக்கிறதை விட்டிட்டன். கம்பியின்ர சைஸுக்கு ஒரு தனிக் கட்டம், அதில வெறும் 10 அல்லது 12 மட்டும்தான் அடிக்கிறது. நிறை அதில இருந்து தானா வரும். சைஸை அதாலயே பெருக்கி 162ஆல பிரிச்சா ஒரு மீற்றரின்ர நிறை கிலோவில வந்திடும், இது கம்பி வேலை செய்யிற எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்கு. சைஸ் C நிரலிலயும் மொத்த நீளம் F நிரலிலயும் இருந்தா இப்பிடி:

```
G5: =C5^2/162
H5: =F5*G5
```

12க்கு இது 0.889 எண்டு தரும், அட்டவணையில 0.888, மூண்டாம் தசமத்தில வாற வித்தியாசம், இவ்வளவு கம்பிக்கும் ஒண்டு ரெண்டு கிலோதான். விபரத்தில "12 எம்எம்" எண்டு எழுதிறதையும் இப்ப கையால எழுதிறேல்ல, அதையும் அந்த C கட்டத்தில இருந்தே எடுக்க வச்சிருக்கிறன். சொல் ஒண்டு சொல்ல நம்பர் வேற ஒண்டு சொல்லுற நிலைமை அதோட போச்சு. ஆனா இது சைஸ் பிழையை மட்டும்தான் தடுக்கும், 61 வரிசையை 51 எண்டு அடிச்சா எக்செல் ஒண்டும் சொல்லாது. அதுக்கு நான் நம்பிறது பாஸின்ர முறையைத்தான். கிலோவை மறந்திட்டு, 12 மீற்றர் கம்பி எத்தினை வேணும் எண்டு தனிய எண்ணுறது. 12 எம்எம் எண்டா ஒரு கம்பி 10.66 கிலோ, 10 எம்எம் எண்டா 7.4. எண்ணின கம்பியை அதால பெருக்கினா எஸ்டிமேட்டின்ர கிலோவைவிடக் கொஞ்சம் கூட வர வேணும், துண்டு போறதால. குறைஞ்சு வந்தா அல்லது கனக்கக் கூடி வந்தா நிப்பாட்டித் திரும்பப் பாக்கிறது. எஸ்டிமேட் போட்ட ஆள் இதை எண்ணக் கூடாது, வேற ஆள் எண்ண வேணும். என்னட்ட வேற ஆள் இல்லாததால பாஸுக்கு மாதத்தில ஒரு நாள் கூலி குடுத்து ட்ரோயிங்கைக் கையில குடுத்து எண்ணச் சொல்லுறன்.

முதல் ஸ்லாப்புக்குக் கம்பி கட்டி முடிச்ச அண்டைக்குப் பின்னேரம் மழை வாற மாதிரி இருந்தது. கம்பியில லேசாத் துரு பிடிச்சுக் கிடந்தது, கையில தடவினா மண்ணிறமா ஒட்டும், அது பரவாயில்லை எண்டு இஞ்சினியர் சொல்லிப்போட்டார். நான் ஒரு ஓரத்தில அளவுநாடாவை விரிச்சு வச்சு, 150, 300, 450 எண்டு ஒவ்வொரு கம்பியும் கோட்டில நிக்கிறது தெரியப் படம் எடுத்தன். ரீச்சர் படியில ஏறி வந்து நாடாவின்ர மற்றத் தலைப்பைத் தானே பிடிச்சா. படத்தில அவவின்ர கையும் விழுந்திருக்கு. அதைத்தான் மகனுக்கு அனுப்பினன். ரூஃப் ஸ்லாப்புக்குக் கம்பி கட்டேக்க அவர் படத்தைக் கேக்கேல்ல, ஆனா நான் அனுப்பினன்.